இரண்டாகப் பிரியும், மீண்டும் சேரும்

கணினி நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்க 1965-இல் கென்னத் நோல்டன் எழுதிய முறைக்கு 'படி அலோகேட்டர்' என்று பெயர். லினக்ஸ் கெர்னல் இன்றும் நினைவகப் பக்கங்களை இப்படித்தான் பங்கிடுகிறது.

நம்மிடம் 1024 பைட் இருக்கிறது, ஒரு நிரல் 100 பைட் கேட்கிறது என்று வையுங்கள். 100-க்குப் போதுமான, இரண்டின் அடுக்காக உள்ள மிகச் சிறிய அளவு 128. அதனால் 1024-ஐ இரண்டு 512 ஆக்கி, முதல் பாதியை 256, 128 என்று வெட்டிக்கொண்டே போய், தொடக்கத்தில் உள்ள 128-ஐக் கொடுக்கிறோம். மிச்சமான 128, 256, 512 துண்டுகள் அந்தந்த அளவுக்கான காலிப் பட்டியலில் சேரும். 28 பைட் வீண்தான். இந்த முறையின் விலை அது.

திருப்பித் தரும்போது ஜோடியைத் தேட வேண்டியதே இல்லை. சி மொழியில் ஒரே வரி:

```c
size_t buddy = offset ^ size;
```

`offset` என்பது குளத்தின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம். 0-இல் உள்ள 128-க்கு ஜோடி 128-இல் இருக்கிறது. ஆனால் 128-இல் உள்ளதும் 256-இல் உள்ளதும் ஒட்டியிருந்தாலும் ஜோடி அல்ல. 256-இன் ஜோடி 384.

பலர் சறுக்குவது இங்கேதான். ஜோடி காலியா என்று மட்டும் பார்த்தால் போதாது, அளவும் சமமா என்று பார்க்க வேண்டும். ஜோடி 64, 64 எனப் பிரிந்து, அதில் முதல் துண்டு மட்டும் காலியாக இருக்கலாம். அப்போது சேர்த்துவிட்டால், பயன்பாட்டில் உள்ள இரண்டாவது 64 வேறொருவருக்குப் போய்விடும். எல்லாவற்றையும் விடுவித்த பிறகு பட்டியலில் ஒரே ஒரு 1024 துண்டு மிஞ்சுகிறதா என்று சோதியுங்கள். சேராமல் விடுபட்ட துண்டுகள் அதில் தெரிந்துவிடும்.