கை சொல்லும், முகம் முடிக்கும்

பிரிட்டிஷ் சைகை மொழியில் ‘நீங்கள்’ என்று சொல்ல, எதிரில் இருப்பவரை ஆள்காட்டி விரலால் சுட்டினால் போதும். ‘காது கேளாதவர்’ என்று சொல்ல, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி நீட்டிக் காதைத் தொட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து, லேசாகத் தலையசைத்து ஆமோதித்தால் ‘நீங்கள் காது கேளாதவர்’ என்று பொருள். அதே சைகைகளோடு புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்று முன்னே கொண்டுவந்தால், ‘நீங்கள் காது கேளாதவரா?’ என்ற கேள்வி. தலையை இடவலமாக ஆட்டினால் ‘நீங்கள் காது கேளாதவர் அல்லர்’. மூன்று வாக்கியத்திலும் கைகள் செய்தது ஒன்றுதான். வாக்கியத்தை மாற்றியது முகமும் தலையும்.

‘சாப்பிட்டாச்சு’ என்று நாம் சொல்வது பதிலா கேள்வியா என்பதைக் குரல்தானே காட்டிக்கொடுக்கிறது? அந்த மொழியில் குரலின் வேலையைப் புருவம் செய்கிறது. முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் இதைப் பிந்தித்தான் கவனிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சைகைகளைக் கையால் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வறையில் அசையாத முகத்தோடு நிற்கிறார்கள். தனித்தனிச் சொற்கள் எதிராளிக்குப் போய்ச் சேருகின்றன, வாக்கியம் சேருவதில்லை.

பிரிட்டனில் சைகை மொழி கற்கும் பெரும்பாலோர் முதலில் எழுதுவது ‘லெவல் 1’ தேர்வு. இதை நடத்தும் அமைப்புகளில் பெயர்பெற்றது ‘சிக்னேச்சர்’. பாடத்திட்டம் அன்றாட வாழ்க்கையைச் சுற்றியே வரும்: அறிமுகம், குடும்பம், வானிலை, போக்குவரத்து, சாப்பாடு, எண்கள், நேரம், வழி சொல்வது. தேர்வுக்கு மூன்று பகுதிகள். முதலாவதில் சைகை மொழிக் காணொளிகளைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். இரண்டாவதில் ஒரு தலைப்பைப் பற்றிச் சில நிமிடங்கள் சைகையில் பேச வேண்டும். மூன்றாவதில் தேர்வாளரோடு உரையாட வேண்டும். புரிந்துகொள்வது, சொல்வது, இரண்டையும் சேர்த்து நடத்துவது என்று மூன்று திறன்களையும் தனித்தனியாகப் பார்க்கும் ஏற்பாடு இது.

கைவடிவம்: விரல் மாறினால் பொருள் மாறும்

ஒரு சைகையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சில கூறுகள் இருக்கும்: கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசைவு, உள்ளங்கை பார்க்கும் திசை. அமெரிக்காவின் கல்லாடெட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸ்டோக்கி, சைகைகளை இப்படிப் பகுத்துக் காட்டும் ஆய்வை 1960இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்க சைகை மொழி. ஆனால் அந்தப் பகுப்பு மற்றச் சைகை மொழிகளுக்கும் பொருந்தியது.

தொடக்கநிலை மாணவருக்கு இது எங்கே உதவும்? நெற்றியின் பக்கவாட்டை ஆள்காட்டி விரலால் தொட்டால் ‘நினை’. விரல்களை மடக்கி, நீட்டிய கட்டைவிரலால் அதே இடத்தைத் தொட்டால் ‘தெரியும்’. இடம் ஒன்று, வடிவம் வேறு. இதற்கு நேர்மாறான இணையும் உண்டு. இரண்டு விரல்களை ஒட்டி நீட்டி நெற்றியில் தொடங்கினால் ‘பெயர்’. அதே விரல்கள் தாடையில் தொடங்கினால் ‘பிற்பகல்’. வடிவம் ஒன்று, இடம் வேறு. பதற்றத்தில் கை சற்றுத் தாழ்ந்துவிட்டால், பெயரைக் கேட்க வந்தவர் பிற்பகலைப் பற்றிக் கேட்டவராகிவிடுவார்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இன்னோர் இடம், சுட்டுவிரலும் மூடிய கையும். விரலால் சுட்டினால் ‘நீங்கள்’. மூடிய கையை அவர் பக்கம் காட்டினால் ‘உங்களுடைய’. தன் மார்பை விரலால் சுட்டினால் ‘நான்’. மூடிய கையை மார்பில் வைத்தால் ‘என்னுடைய’. வேகமாகப் பேசும்போது எல்லா இடத்திலும் விரல்தான் முந்திக்கொண்டு வரும். ‘உங்கள் பெயர்’ என்பது ‘நீங்கள் பெயர்’ ஆகிவிடும். அதனால் சைகைகளைத் தலைப்புவாரியாக மட்டும் படிக்காமல், இப்படி ஒன்றையொன்று ஒத்தவற்றை இணையாக எடுத்து மாற்றி மாற்றிச் செய்து பழகுவது நல்லது. எந்த இணையில் கை தயங்குகிறதோ, அந்த இணை இன்னும் பழகவில்லை.

முகத்தின் இலக்கணம்

முதல்நிலையில் முகத்துக்கு முக்கியமாக மூன்று வேலைகள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கும்போது புருவம் சுருங்க வேண்டும். மறுப்புக்குத் தலை இடவலமாக ஆட வேண்டும்.

‘உங்கள் பெயர் என்ன?’ என்பதையே எடுத்துக்கொள்வோம். சைகை வரிசை நம் தமிழ் வரிசையேதான்: உங்கள், பெயர், என்ன. மூடிய கை எதிராளி பக்கம் போகிறது. இரண்டு விரல்கள் நெற்றியிலிருந்து முன்னே வருகின்றன. கடைசியில் நிமிர்ந்த ஆள்காட்டி விரல் இடவலமாக அசைகிறது. புருவம் சுருங்கி, தலை லேசாக முன்னே சாய்ந்திருக்கிறது. கடைசிச் சைகை முடிந்த பிறகும் ஒரு கணம் கை அங்கேயே நிற்க வேண்டும், முகமும் அப்படியே இருக்க வேண்டும். ‘கேட்டுவிட்டேன், இனி உங்கள் முறை’ என்று எதிராளிக்குத் தெரிவிப்பது அந்த ஒரு கணம்தான்.

தவறு பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். ஒன்று, கை முடிவதற்குள் முகம் தளர்ந்துவிடுவது. கேள்வியாகத் தொடங்கிய வாக்கியம் பாதியில் செய்தியாகிவிடும். மற்றொன்று, பதற்றச் சிரிப்பு. தேர்வாளர் முன் நிற்கும்போது மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே இருப்போம். சிரிக்கும் முகத்தில் சுருங்கிய புருவம் எடுபடாது. புருவத்தைச் சுருக்குவது கோபமாகத் தெரியுமோ என்று நம்மவர்கள் கூச்சப்படுவதும் உண்டு. அந்த மொழியில் அது கேள்விக்குறி, கோபம் அன்று.

முகம் சரியாக வருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். செல்போனில் பத்து வாக்கியங்களைச் சைகை செய்து பதிவு செய்யுங்கள். கேள்வி, செய்தி, மறுப்பு எல்லாம் கலந்து இருக்கட்டும். மறுநாள் திரையின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மறைத்து, முகத்தை மட்டும் பாருங்கள். எது கேள்வி, எது செய்தி, எது மறுப்பு என்று முகத்தை வைத்தே பிரிக்க முடிந்தால் தேர்ச்சி. எல்லா முகமும் ஒன்றுபோல் இருந்தால், கைக்குக் கொடுத்த பயிற்சி முகத்துக்குப் போகவில்லை.

விரலெழுத்து: ‘மலர்’ என்ற பெயர்

ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவற்றை ஆங்கில எழுத்துக்கூட்டி விரலால் காட்டுவது விரலெழுத்து. அமெரிக்காவில் ஒரு கை போதும், பிரிட்டனில் இரண்டு கையும் வேண்டும். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பயன்படும் விரலெழுத்தும் இரு கை வகைதான். உயிரெழுத்துகள் இரண்டிலும் இடக்கையின் ஐந்து விரல் நுனிகளில் இருக்கின்றன. வலக்கை ஆள்காட்டி விரலால் கட்டைவிரல் நுனியைத் தொட்டால் ஏ, ஆள்காட்டி விரல் ஈ, நடுவிரல் ஐ, மோதிர விரல் ஓ, சுண்டுவிரல் யூ. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளலாம்.

லண்டன் வகுப்பில் மலர் என்றொரு மாணவி தன் பெயரைக் கூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எம்: வலக்கையின் மூன்று விரல்களை இடது உள்ளங்கையில் படுக்க வைக்கிறார். ஏ: கட்டைவிரல் நுனி. எல்: ஒரே விரல், நீட்டியபடி உள்ளங்கையில். மறுபடி ஏ. ஆர்: அதே ஒரு விரல், இந்த முறை கொக்கியாக வளைந்து உள்ளங்கையில். ஐந்தெழுத்துப் பெயரில் மூன்று எழுத்துகள் ஒரே உள்ளங்கையில் நடக்கின்றன. ஒரு விரல் விலகினால் எம் என்பது என் ஆகிவிடும், ஏனென்றால் ‘என்’ இரண்டு விரல். அந்த இரண்டு விரலும் அகன்று நின்றால் வி. ஆர் எழுத்தின் வளைவு தளர்ந்தால் அது எல். தேர்வாளர் ‘மலல்’ என்று படித்தால் குற்றம் அவருடையது ஆகாது.

அதனால் வேகத்தைவிடத் தெளிவும் சீரான நடையும் முக்கியம். இடக்கை மார்பளவில் அசையாமல் இருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து அது துள்ளினால் பார்க்கிறவர் கண் அலைபாயும். உதடு எழுத்தெழுத்தாக முணுமுணுக்காமல் ‘மலர்’ என்று முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். கண் தன் கையைப் பார்க்காமல் எதிராளியைப் பார்க்க வேண்டும். சைகை தெரியாத சொல்லையெல்லாம் கூட்டிக் காட்டித் தப்பிக்கவும் கூடாது. தெரிந்த சைகைகளால் அதை விளக்கிச் சொல்வதே மேல்.

கூட்டுவதைவிடக் கடினம், பிறர் கூட்டுவதைப் படிப்பது. எழுத்து ஒவ்வொன்றாகத் துரத்தினால் மூன்றாவது எழுத்து வரும்போது முதலாவது மறந்திருக்கும். அனுபவசாலிகள் முதல் எழுத்தைப் பிடிக்கிறார்கள், சொல்லின் நீளத்தைக் கவனிக்கிறார்கள், உதட்டைப் பார்க்கிறார்கள், பேச்சின் சூழலிலிருந்து மீதியை ஊகிக்கிறார்கள். ஊரைப் பற்றிப் பேசும்போது ‘எல்’ என்று தொடங்கி ஆறு எழுத்து வந்தால், இடையில் இரண்டு எழுத்து தவறினாலும் லண்டன் என்று பிடித்துவிடலாம். இதைப் பழக, நிறுத்தாமல் ஒரே முறை ஓடும் காணொளிகளைப் பார்க்க வேண்டும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எழுத்துகள்தான் பழகும், சொல் பழகாது.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

உரையாடல் பகுதியில் பலரைக் கவிழ்ப்பது புரியாமலே தலையாட்டும் பழக்கம். ‘எங்கே வேலை செய்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினால் விஷயம் வெளிப்பட்டுவிடும். ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கும் சைகையையும், அதற்குரிய முகத்தையும் முதல் வாரத்திலேயே பழகிவிடுவது நல்லது. காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போதும் இப்படிக் கேட்டுத் தெளிவது இயல்புதான்.

தேறியவருக்கு என்ன கிடைக்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். லெவல் 1 அன்றாடப் பேச்சுக்கான நுழைவு, அவ்வளவுதான். பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளராக வேண்டுமானால் லெவல் 6 தரத்துக்குப் படிக்க வேண்டும். பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், லெவல் 1 முடித்த பிள்ளையைக் காது கேளாத உறவினரோடு மருத்துவமனைக்கு அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்லத் தோன்றும். அங்கே மருந்தின் அளவு, அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் எல்லாம் பேசப்படும். அந்தப் பிள்ளையிடம் அதற்கான மொழி இன்னும் இல்லை. அங்கே தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்பதே முறை. வீட்டுக்கு வந்த பிறகு, ‘சாப்பிட்டீர்களா, வலி இருக்கிறதா, என்ன வேண்டும்?’ என்று பிள்ளையே கேட்கட்டும். முதலிரண்டு கேள்விக்கும் புருவம் உயரட்டும், மூன்றாவதற்குச் சுருங்கட்டும். லெவல் 1 படிப்பு அதற்குத் தாராளமாகப் போதும்.