நோயைச் சொல்லாமல் புகார் எழுதுவது

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் குமரன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு வாரம் மருத்துவ விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். மேசையில் எப்போதும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். கையெழுத்துப் போடும்போது விரல் லேசாக நடுங்குகிறது. அடிக்கடி பாத்ரூம் போய் வருகிறார். பக்கத்து சீட் சேகருக்கு இது போதும். பதினான்கு பேர் உள்ள பிரிவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதுகிறார்: "குமரன் சார் கை டான்ஸ் ஆடுதே, கீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோ சொல்லவா?" கீழே நான்கு பேரின் சிரிப்புப் பொம்மைகள்.

குமரனுக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. அதற்கு அவர் சாப்பிடுவது லித்தியம். தாகம், அடிக்கடி சிறுநீர், விரல் நடுக்கம் மூன்றும் அந்த மருந்தின் பக்கவிளைவுகள். அதாவது, நோயைக் கட்டுக்குள் வைத்து வேலைக்கு வருவதற்காக அவர் எடுக்கும் மருந்தைத்தான் சேகர் கேலி செய்கிறார். இந்தக் கேலியைத் தாங்காமல் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். 'சும்மா தமாஷ்' என்று விட்டுவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

கீழ்ப்பாக்கம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1794-இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் முகவரி அது. சென்னையில் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. கொழும்புத் தமிழரிடம் அங்கொடைக்கும் இதே கதிதான். 'மெண்டல்', 'லூசு', 'மரை கழண்ட கேஸ்' எல்லாம் வாய் தவறி வருகிறவை என்பார்கள். யாரையும் குறிக்காமல் வாய் தவறி வருவது வேறு. சிகிச்சையில் இருக்கிற ஒருவரின் பெயரைப் போட்டு, நடுங்கும் கையைச் சுட்டி, பதினான்கு பேர் முன்னால் எழுதுவது வேறு. நீங்கள் புகார் செய்வது இந்த இரண்டாவதைப் பற்றி.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் நீங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும்; எழுதியவரே பிறகு எல்லோருக்குமாக அழித்துவிடலாம். ஆனால் அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். 'பாருங்க, எப்படிப் பேசுறான்' என்று நியாயம் கேட்டு நான்கு பேருக்கு அனுப்பினால், பதினான்கு பேர் பார்த்தது பதினெட்டாகிறது, அவ்வளவுதான்.

அடுத்து குமரனிடம் பேசுவது. டீக்கடையில் நான்கு பேர் நடுவில் வேண்டாம். தனியாக, இப்படி: "நேத்து குரூப்ல வந்ததைப் பார்த்தேன் குமரன். எனக்குச் சரியாப் படல. ஹெச்.ஆர். கிட்ட எழுதலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமா? வேற மாதிரி செய்யணும்னாலும் சொல்லுங்க." என்ன நோய், என்ன மருந்து என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவர் வேண்டாம் என்றால்? அவர் சார்பில் புகார் எழுத உங்களுக்கு உரிமையில்லை. குரூப்பில் இப்படிப்பட்ட பேச்சு வருகிறது, அது எனக்கு ஒப்பவில்லை என்று உங்கள் பெயரில், அவரைக் குறிக்காமல் மேலாளரிடம் சொல்லலாம். அது வலுக் குறைந்த புகார்தான். ஆனால் அவர் விருப்பத்தை மீறாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. வாழப் பிடிக்கவில்லை என்கிற தொனியில் அவர் பேசினால் புகார் பிறகு ஆகட்டும். அவர் நம்பும் ஒருவரை உடனே அழையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் ஆலோசகர் கிடைப்பார்.

சம்மதம் கிடைத்துவிட்டது. பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: 'பைபோலார் நோயால் அவதிப்படும் பாவப்பட்ட குமரனை, மனசாட்சியில்லாத சேகர் தொடர்ந்து துன்புறுத்துகிறார்.' இந்த ஒரு வரியில் மூன்று பிழைகள். நோயின் பெயர் நிறுவனத்தின் கோப்பில் ஏறிவிட்டது. அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. 'பாவப்பட்ட' என்ற சொல் குமரனை ஒரு படி கீழே இறக்கிவிட்டது. 'தொடர்ந்து துன்புறுத்துகிறார்' என்பதை விசாரிப்பவரால் சரிபார்க்க முடியாது. சேகர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

இப்படி எழுதலாம்: 'செவ்வாய்க்கிழமை காலை 11.20-க்கு, எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குரூப்பில் சேகர் கீழ்க்கண்ட வாசகத்தை எழுதினார். (வாசகம் எழுத்து மாறாமல்.) அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில், நானும் இன்னும் இருவரும் இருக்கும்போது, குமரனின் கை நடுக்கத்தை நடித்துக் காட்டினார். அதன் பிறகு குமரன் அங்கே சாப்பிட வருவதில்லை. இந்தப் பேச்சு நிறுத்தப்பட வேண்டும். இந்தக் கடிதத்தை விசாரிப்பவர் மட்டும் பார்க்க வேண்டும். குமரனின் ஒப்புதலோடு எழுதுகிறேன்.' சேகர் செய்தது முழுதாக இருக்கிறது. குமரனின் நோய் எங்கேயும் இல்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது குமரன் பாடு.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: ஆட்டோவைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பச் சேகருக்கு எப்படித் தோன்றியது? வெறும் ஊகமாக இருக்கலாம். ஆனால் விடுப்புக்குக் கொடுத்த மருத்துவச் சான்றிதழ் பலர் மேசை வழியாகப் போய், மனநல மருத்துவரின் முத்திரையை யாரோ படித்து, காதோடு காதாகச் சொன்ன கதைகள் அலுவலகங்களில் ஏராளம். அப்படியானால் தவறு சேகரோடு முடிவதில்லை. தாள் எந்த மேசைகளைக் கடந்தது என்று விசாரிப்பவர் பார்த்தாக வேண்டும்.

புகார் யாரிடம்? பாலியல் தொல்லைக்கான உள்ளகக் குழுவிடம் இதைக் கொண்டுபோய்ப் பலர் திரும்பி வருகிறார்கள். அது அந்தக் குழுவின் வேலையல்ல. தனியார் நிறுவனத்தில் மேலாளர், அவரே சிரித்த நால்வரில் ஒருவர் என்றால் ஹெச்.ஆர். அரசு அலுவலகமென்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. பிறர் பார்வையில் படும் இடத்தில், மாற்றுத்திறனாளி ஒருவரைக் கேவலப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால், 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குரூப் அப்படிப்பட்ட இடமா என்று வக்கீல்கள் வாதாடலாம். சாப்பாட்டு அறையில் நடித்துக் காட்டியதற்கு அந்த வாதம் அவ்வளவு எளிதில்லை. எல்லா நீண்டகால நோய்களும் பட்டியலில் இல்லை. பார்க்கின்சன், தலசீமியா உண்டு. சர்க்கரை நோய் இல்லை. இல்லாதவர்களுக்கு நிறுவனத்தின் நடத்தை விதிகள்தான் துணை.

'ஜோக்குக்குப் போய்ப் புகாரா' என்பார்கள். ஒரு இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம், உடற்குறையைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் அதை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் பிரித்துப் பேசியிருக்கிறது. சேகர் எழுதியது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க நீதிமன்றம் வரை போக வேண்டாம்.

புகார் கொடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் வரும். அலுவலகங்களுக்குப் பிடித்த தீர்வு, குமரனை வேறு பிரிவுக்கு மாற்றுவது. 'உங்க நல்லதுக்குத்தான்' என்பார்கள். அவர் கேட்காமல் மாற்றினால் தண்டனை அவருக்குத்தான். இரண்டாவது தீர்வு, இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வது. அந்த அறையில் குமரன் தன் கை ஏன் நடுங்குகிறது என்று விளக்கவேண்டி வரும். கூட்டம் வைக்கிறேன் என்று சொன்னால், 'குமரன் வரணுமா வேண்டாமான்னு முதல்ல அவரைக் கேளுங்க சார்' என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.