ஒரே கம்பெனி, ரெண்டு கணக்கு: லாபம் ஃபேக்டரிக்கா, ஷோரூமுக்கா?

பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனி டீ-ஷர்ட் தைக்கிறது. ஈரோட்டிலும் கோவையிலும் அதற்கே சொந்தமாக ஷோரூம்கள். ஃபேக்டரியில் இருந்து ஷோரூமுக்குப் போகும் ஒவ்வொரு பீஸுக்கும் கணக்கில் ஒரு விலை போட வேண்டும். அதுதான் ‘டிரான்ஸ்ஃபர் பிரைஸ்’. வெளி ஆள் யாரும் தராத, யாரும் வாங்காத விலை. ஆனால் எந்தப் பிரிவுக்கு லாபம், எந்த மேனேஜருக்கு போனஸ் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இது ஒரு கற்பனைக் கம்பெனி, கணக்கைப் பார்ப்போம். துணி, நூல், சாயம், பீஸ் ரேட் கூலி எல்லாம் சேர்த்து ஒரு டீ-ஷர்ட்டுக்கு 180 ரூபாய். ஷெட் வாடகை, மெஷின் தேய்மானம், மாதச் சம்பளம் என்று தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஆகும் செலவில் ஒரு பீஸின் பங்கு 40 ரூபாய். ஷோரூம் செலவு 90. விற்கும் விலை 400. ஆக மொத்தச் செலவு 310, லாபம் 90. வருஷத்துக்கு 1 லட்சம் பீஸ் என்றால் 90 லட்சம் ரூபாய்.

இப்போது டிரான்ஸ்ஃபர் பிரைஸ் 220 என்று வைத்தால் ஃபேக்டரிக்கு லாபம் பூஜ்யம். 90 லட்சமும் ஷோரூம் கணக்கில். 260 என்றால் ஃபேக்டரிக்கு 40 லட்சம், ஷோரூமுக்கு 50 லட்சம். 320 என்றால் ஷோரூம் 10 லட்சம் நஷ்டத்தில் ஓடுவது போலத் தெரியும். கம்பெனியின் மொத்த லாபம் மூன்றிலும் அதே 90 லட்சம்தான்.

‘அப்புறம் எதுக்குங்க சண்டை, வலது பாக்கெட்டில் இருந்து இடது பாக்கெட்டுக்குத்தானே போகுது?’ என்று தோன்றும். பிரிவு லாபத்தைப் பார்த்து மேனேஜர்கள் முடிவெடுக்க ஆரம்பித்ததும் மொத்தமே குறையும். விலை 260 என்று இருக்கும்போது, அதே தரத்தில் திருப்பூரில் ஒருவர் 250-க்குத் தருகிறார். ஷோரூம் மேனேஜர் 20,000 பீஸை அங்கே வாங்கிவிடுகிறார். அவர் கணக்கில் 2 லட்சம் மிச்சம். ஆனால் ஃபேக்டரியில் அந்த மெஷின்கள் சும்மா நிற்கின்றன. 36 லட்சத்தில் தைத்திருக்க வேண்டியதற்குக் கம்பெனி 50 லட்சம் கொடுத்திருக்கிறது. கையை விட்டுப் போனது 14 லட்சம். மாசக் கடைசி ரிப்போர்ட்டில் ஷோரூம் மேனேஜருக்குப் பாராட்டு!

அப்படியானால் சரியான விலை எது? ஃபேக்டரியில் வேலை குறைவாக இருந்தால் குறைந்தபட்சம் 180; அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் வாடகை, சம்பளத்துக்கு உதவும். அதிகபட்சம் வெளியே கிடைக்கும் 250. இந்த ரெண்டுக்கும் நடுவே எங்கே வைத்தாலும் ஷோரூம் வெளியே போகாது.

ஆனால் ஃபேக்டரி நிரம்பி வழிந்து, ஏற்றுமதி ஆர்டருக்கு 270 கிடைக்கிறது என்றால் கதையே மாறிவிடும். ஷோரூமுக்குத் தருவதால் அந்த 270 போகிறது என்பதால் அதுவே குறைந்தபட்ச விலை. அந்த நிலையில் ஷோரூம் 250-க்கு வெளியே வாங்குவதுதான் கம்பெனிக்கு நல்லது. ஆக, ஜனவரியில் சரியாக இருந்த விலை தீபாவளி சீசனில் தப்பாக இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை விலையை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடும் கம்பெனிகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

‘ஆன செலவு, அதோடு 10 சதவீதம்’ என்ற முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. சாயத்தில் ஷேடு மாறி, மறுபடி சாயம் போட்டால் செலவு 15 ரூபாய் ஏறும். ஷோரூம் 16.50 கூடுதலாகத் தர வேண்டும். தப்பு செய்த ஃபேக்டரிக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல் லாபம்! அதனால்தான் ஆன செலவை விட்டுவிட்டு, ஆகியிருக்க வேண்டிய நிர்ணயச் செலவை வைத்து விலை போடச் சொல்வார்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இந்த விலை பெரும்பாலும் தெரியாது. பெருந்துறை சிப்காட்டில் சாய ஆலை வைத்திருக்கும் கே.பி.ஆர். மில், நூலில் இருந்து ஆடை வரை தானே செய்கிறது. 2019-ல் ‘ஃபாசோ’ என்ற உள்ளாடை பிராண்டையும் தொடங்கியது. ஆனால் ஆண்டறிக்கையில் இதெல்லாம் ‘ஜவுளி’ என்ற ஒரே பிரிவுக்குள் வந்துவிடும்.

வரி விஷயம்? ஒரே கம்பெனி என்றால் வருமான வரி பொதுவாக மொத்த லாபத்துக்குத்தான். ஒரு பிரிவுக்கு மட்டும் வரிச் சலுகை இருந்தால் இந்த விலை கோர்ட் வரை போகும். ஜிண்டால் ஸ்டீல் வழக்கில், கம்பெனி தன் மின் நிலையத்தில் இருந்து தன் ஆலைகளுக்கே தந்த மின்சாரத்துக்கு யூனிட் 3.72 ரூபாய் போட்டது. மின் வாரியம் ஆலைகளிடம் வசூலித்த விலை அது. அதே வாரியம் கம்பெனியிடம் வாங்கிய 2.32 ரூபாயைத்தான் எடுக்க வேண்டும் என்றது வருமான வரித் துறை. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது.

ஜி.எஸ்.டி.யில் கதை வேறு. ஈரோடு, கோவை ஷோரூம்கள் ஃபேக்டரியின் அதே பதிவு எண்ணில் இருந்தால் சரக்கு போவதற்கு வரி இல்லை, டெலிவரி சலான் போதும். பாலக்காட்டில் ஒரு ஷோரூம் திறந்தால், கேரளாவில் தனிப் பதிவு எடுக்க வேண்டும். சட்டம் அதை வேறு ஆளாகவே பார்க்கும். அந்த ஷோரூம் முழு உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தகுதியுள்ளது என்றால், இன்வாய்ஸில் போட்ட விலையே சந்தை விலையாக ஏற்கப்படும்.