ஹைதராபாத்தில் வியாழன் மாலை அனுப்பிய மெயிலுக்கு திங்கள்கிழமை பதில் வருவது ஏன்?

ஹைதராபாத்துக்கு வரும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது: வெள்ளிக்கிழமை சாலார் ஜங் அருங்காட்சியகம் போகாதீங்க, பூட்டியிருக்கும். சௌமஹல்லா அரண்மனைக்கும் அன்றுதான் லீவு. நிஜாம் ஆட்சியில் இந்த ஊரின் வார விடுமுறையே வெள்ளிதான். 1948-ல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த பிறகு அது ஞாயிறானது.

ஆனால் இந்த ஊரின் பல அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு சிக்கல்தான். காரணம், வளைகுடா.

வெள்ளி என்றால் நாள் முழுக்க மூடலா?

மத விதிப்படி அப்படி இல்லை. வெள்ளி மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை நிறுத்த வேண்டும், முடிந்ததும் தொடரலாம் என்கிறது குர்ஆன். பழைய நகரத்தில் மதியம் ஷட்டர் இறங்கி, பிறகு ஏறும் கடைகளை நீங்கள் பார்க்கலாம். யூதர்களின் சபாத் வேறு மாதிரி. வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கி சனி இரவு வரை வேலையே கூடாது. இஸ்ரேலில் பெரும்பாலான பேருந்துகள்கூட அந்த நேரத்தில் ஓடாது.

ஆக, வெள்ளியை முழு நாள் லீவாக்கியது அரசுகளின் முடிவு. அதனால்தான் அரசுகளால் அதை மாற்றவும் முடிந்தது.

என்ன மாறியது?

சவுதி அரேபியாவில் 2013 வரை வியாழனும் வெள்ளியும் லீவு. சனி, ஞாயிறு மூடும் நாடுகளோடு சேர்ந்து வேலை செய்ய திங்கள் முதல் புதன் வரை மூன்றே நாள்தான் கிடைத்தது. அந்த வருடம் ஜூனில் லீவை வெள்ளி, சனிக்கு மாற்றினார்கள். பொது நாட்கள் நான்காகின. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் இன்னும் ஒரு படி போனது. அங்கே மத்திய அரசு அலுவலகங்களுக்கு இப்போது சனி, ஞாயிறு லீவு. வெள்ளி மதியம் 12 மணியோடு வேலை முடியும். நம்ம கடிகாரத்தில் அது 1.30. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் லீவு என்று அறிவித்தது.

நடைமுறையில் என்ன ஆகும்?

ஹைதராபாத்தில் இருந்து வியாழன் மாலை 6 மணிக்கு ரியாத்துக்கு ஒரு சந்தேகம் கேட்டு மெயில் அனுப்புகிறீர்கள். அங்கே மணி 3.30. அன்றே பதில் வராவிட்டால், அடுத்த வேலை நாள் ஞாயிறு. அவர்கள் ஞாயிறு காலையே பதில் போட்டாலும் உங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும். நீங்கள் படிப்பது திங்கள். ஒரு வரி பதிலுக்கு நான்கு நாள்! துபாய் என்றால் வெள்ளி காலை இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் 1.30-க்குள் கேட்டுவிடணும்.

இதைத் தவிர்க்க, சவுதி வேலையைப் பார்க்கும் குழுவை ஞாயிறு வரச்சொல்லி, வெள்ளியில் லீவு கொடுக்கலாம். வேலை ஓடும். ஆனால் அந்த ஊழியரின் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு ஞாயிறில்தானே?