இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரப் பார்வை

கணினித் திரையின் மூலையில் சின்னதாக ஒரு அறிவிப்பு எழும்: ‘தூரத்தில் பாருங்கள்’. பாதி எழுதிய மின்னஞ்சலை விட மனமில்லாமல் பலரும் அதை மூடிவிடுவார்கள். வேறு சிலர் உடனே கைபேசியை எடுப்பார்கள். கண்ணுக்கு இது முன்னதைவிட மோசம்.

காரணம் எளிது. அருகில் உள்ளதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை சுருங்கி லென்ஸை உப்பவைக்க வேண்டும்; தூரத்தைப் பார்த்தால் அந்தத் தசை தளரும். இந்த உழைப்பை டயாப்டரில் அளப்பார்கள். ஒன்றை, மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் போதும். அரை மீட்டரில் இருக்கும் திரைக்கு 2 டயாப்டர். 25 செ.மீ.யில் பிடித்த கைபேசிக்கு 4. ஆறு மீட்டரில் இருக்கும் மரத்துக்கு ஆறில் ஒரு பங்குதான்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில், இருபது விநாடி பார்க்கச் சொல்லும் இந்த விதியை 1990களில் பரப்பியவர் அமெரிக்கப் பார்வை நிபுணர் ஜெஃப்ரி ஆன்ஷெல். இருபது அடி என்பது ஏறக்குறைய ஆறு மீட்டர். அறை சிறியது, ஜன்னலும் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்த்தாலே 2 டயாப்டர் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். லாபத்தின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

மூன்று இருபதுகளும் நினைவில் நிற்க வசதியானவை. ஆய்வகத்தில் பிறந்த எண்கள் அல்ல. 2023இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இரு திசையில் போயின. ஒன்றில், கண் உறுத்தலுள்ள 29 பேரின் மடிக்கணினியில் இரண்டு வாரம் நினைவூட்டி ஓடியது. உறுத்தல் குறைந்தது, நினைவூட்டியை நிறுத்திய ஒரு வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. மற்றொன்றில், நாற்பது நிமிட வாசிப்பின் நடுவே விட்ட இருபது விநாடி இடைவேளைகளால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எனவே இது மருந்தல்ல. தினமும் ஓட வேண்டிய பழக்கம்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, பல இமைப்புகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. கண்ணீர்ப் படலம் உலர்கிறது. அந்த இருபது விநாடியில் நான்கைந்து முறை இமைகள் ஒன்றையொன்று தொடும்படி மெல்ல மூடித் திறப்பது நல்லது. ஏசி காற்று முகத்தில் நேராக அடித்தால் நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும். நினைவூட்டியால் அதைச் சரிசெய்ய முடியாது.

Stretchly போன்ற இலவச மென்பொருளை நிறுவுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் குறு இடைவேளை, நாமாக மாற்றாவிட்டால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அடிக்கடி குறுக்கிட்டால் சலிப்பு வந்து மொத்தமாக அணைத்துவிடத் தோன்றும். அமைப்புகளில் அதை இருபதாக்கிக்கொள்ளலாம்.

சில வாரம் ஒழுங்காகச் செய்தும் மாலையில் தூரத்துப் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிந்தாலோ, தலைவலி தொடர்ந்தாலோ, கண்ணாடியின் பவரைச் சோதிக்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்தே காரணமாக இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் வலியோ, திடீர் மங்கலோ வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.