61 மணி நேர வேலையை 48-க்குள் கொண்டுவர

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் பார்த்த வேலை. ஒருவர் விலகிவிட்டார், புது ஆள் வரவில்லை, அவர் மேசையில் இருந்ததெல்லாம் இன்னொருவர் தலையில் விழுந்தது. மாதா மாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டியாக வேண்டும். 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. எதையும் தள்ளிப்போட வழியில்லை.

"சார், வேலை ரொம்ப அதிகமா இருக்கு" என்று மேலாளரிடம் சொன்னால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா, ஆள் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்பார். எதை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய அவரிடம் விவரம் இல்லை. அந்த விவரத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு வாரம் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துப் பார்க்கிறார் அந்தப் பெண். வாரத்துக்கு 61 மணி நேரம். அவருடைய பழைய வேலை 44. விலகியவரிடமிருந்து வந்தது 17: சப்ளையர் பில் பதிவு 11, 'பணம் எப்போ வரும்' என்று கேட்கும் சப்ளையர்களின் போன் 3, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது 3. வேலை வாரமோ 48 மணி நேரம்.

20-ஆம் தேதி தாண்டியதும், மேலாளருக்கும் சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கும்போது, ஒரே ஒரு தாளோடு போகிறார். "சார், பில் பதிவையும் சப்ளையர் போனையும் ஸ்டோர்ஸ் கிளார்க்கிடம் கொடுத்தால் எனக்கு 47 மணி நேரம் ஆகும். சரக்கு வரவை அவர்தான் எழுதுகிறார், பில்லும் முதலில் அவர் கைக்குத்தான் வருகிறது. டிடிஎஸ் பிடிப்பதை மட்டும் நானே பார்க்கிறேன். அவருக்கு நேரம் இருக்குமா என்று நீங்கள் கேட்க வேண்டும்."

பலர் கணக்கில் சேர்க்க மறப்பது, கைமாற்றிக் கொடுக்கும் நாட்களில் வேலை கூடும் என்பதை. புதியவர் போட்ட பதிவுகளைச் சரிபார்க்க வாரம் 3 மணி நேரம் வேண்டும். அதற்காக வங்கிச் சரிபார்ப்பை மாதக் கடைசிக்குத் தள்ளலாமா என்று அங்கேயே கேட்டுவிடுகிறார். பதிவு சரியாகப் போகிறதா என்பது 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும்போது தெரிந்துவிடும். பில் எண்ணோ சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணோ தப்பாக இருந்தால் அதோடு பொருந்தாது.

ஸ்டோர்ஸிலும் ஆள் இல்லை என்று மேலாளர் சொல்லலாம். அப்போது பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. "அப்படியென்றால் இந்த 13 மணி நேரத்தில் எது தாமதமாகலாம் சார்?" என்று கேட்க வேண்டும். தாமதத்தை முடிவு செய்யும் பொறுப்பு அவருடையது.

ஒத்துக்கொண்டால், யாரிடம் எது, எந்தத் தேதியிலிருந்து என்று அன்றே நான்கு வரி மெயில் அனுப்பிவிட வேண்டும். சப்ளையர்களுக்குப் போகும் அறிவிப்பை மேலாளர் பெயரிலேயே அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பழைய எண்ணுக்கே போன் செய்வார்கள், கொடுத்த வேலை ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்து சேர்ந்துவிடும்.