உங்களுக்குத் தெரியுமா? சாரப் பலகை சுமக்கும் கணக்கு

ஒரு பலகையில் இரண்டு பேர் நின்றால், அதைத் தாங்கும் இரண்டு கம்புகளுக்கும் எடை சரிபாதியாகப் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். போகாது. யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு கம்புக்கு ஏறும், மற்றதற்கு இறங்கும்.

திண்டுக்கல்லில் வத்தலகுண்டு ரோட்டுப் பக்கமோ நத்தம் ரோட்டுப் பக்கமோ போனால், மாடி வீட்டு வெளிச்சுவரில் சாரம் கட்டிப் பூச்சு வேலை நடப்பதை எப்படியும் பார்த்துவிடலாம். இரும்புக் குழாய்ச் சாரம் வாடகைக்குக் கிடைக்கிற காலத்திலும், சின்ன வேலைகளுக்குச் சவுக்குக் கம்பும் கயிறும் மரப் பலகையும் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு பலகையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அகலம் 225 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலம். கனம் 38 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலம். நீளம் 2.4 மீட்டர். அதைத் தாங்கும் குறுக்குக் கம்புகள் இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி. ஆக, பலகை இரு முனையிலும் கம்பைத் தாண்டி 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பலகையின் சொந்த எடை ஏறத்தாழ 12 கிலோ.

இடது கம்பிலிருந்து 0.8 மீட்டரில் 70 கிலோ எடையுள்ள கொத்தனார். 1.2 மீட்டரில் 20 கிலோ கலவை நிறைந்த சட்டி. 1.6 மீட்டரில் 50 கிலோ எடையுள்ள சித்தாள். பலகையையும் சேர்த்தால் மொத்தம் 152 கிலோ. இடது கம்பை மையமாக வைத்து ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்குங்கள்: 70 × 0.8 = 56, 20 × 1.2 = 24, 50 × 1.6 = 80, பலகைக்கு 12 × 1 = 12. கூட்டினால் 172. இதைக் கம்புகளுக்கு இடையிலான 2 மீட்டரால் வகுத்தால், வலது கம்பு கொடுக்க வேண்டிய எதிர்விசை 86 கிலோ. மிச்சம் 66 கிலோ இடது கம்புக்கு. எடை கூடிய கொத்தனார் இடப்பக்கம் நின்றும், பாரம் வலப்பக்கம்தான் அதிகம்.

எடை கொஞ்சமும் குறையாமலே பலகையின் பாடு நான்கில் ஒன்றாகக் குறையும்.

பலகை எங்கே அதிகம் வளையும்? இந்த ஏற்பாட்டில், கொத்தனாரின் காலடியில். அங்கே வளைவுத் திருப்புத்திறன் எவ்வளவு என்று பார்க்க, இடது கம்பின் 66 கிலோவை 0.8 மீட்டரால் பெருக்கி, அதுவரை உள்ள பலகைத் துண்டின் எடை தரும் 2.5-ஐக் கழிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 50 கிலோ-மீட்டர். ஒரு கிலோவுக்கு 10 நியூட்டன் என்று வைத்தால் 503 நியூட்டன்-மீட்டர். இனி சூத்திரம்:

σ = 6M / (b d²)

M அந்தத் திருப்புத்திறன், b அகலம், d கனம். எண்களைப் போட்டால், பலகையின் அடிப்பக்க நாரில் சதுர மில்லிமீட்டருக்கு 9.3 நியூட்டன் இழுவிசை வருகிறது. மேல்பக்க நாரில் அதே அளவுக்கு அமுக்கம்.

இது அதிகமா, குறைவா? கட்டட மரங்களுக்கான இந்தியத் தர விதி IS 883, மரங்களை மூன்று பிரிவாக வைக்கிறது. நல்ல தரத்தில் அறுத்த, நனையாத இடத்தில் இருக்கும் மரத்துக்கு அது அனுமதிக்கும் வளைவுத் தகைவு, வலுவான பிரிவுக்கு 18, நடுப்பிரிவுக்கு 12, வலுக்குறைந்த பிரிவுக்கு 8.5. நம் பலகை நடுப்பிரிவு மரமானால் தப்பித்தது. வலுக்குறைந்த மரமானால், இரண்டு பேரும் ஒரு சட்டியும் ஏறியதுமே வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டிய நொடியில் முறியும் என்று அர்த்தமில்லை. கணுவுக்கும் நாள்பட்ட பாரத்துக்கும் விட்டுவைத்த இருப்பைத் தின்னத் தொடங்கிவிட்டோம், அவ்வளவுதான்.

இப்போது கொத்தனாரும் சித்தாளும் நகர்ந்து வலது கம்புக்கு நேர் மேலே வந்து நிற்கட்டும், சட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பலகையின் தகைவு 9.3-லிருந்து 2.2-க்கு இறங்கிவிடும். ஆனால் வலது கம்பின் எதிர்விசை 138 கிலோவாக எகிறும், இடது கம்புக்கு வெறும் 14. பலகைக்கு நிம்மதி, அந்தக் கம்பைக் கட்டிய கயிற்றுக்குச் சோதனை. பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைப் பார்க்காமல் ஏறுகிறவர்கள் பாதிச் சாரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பத்துச் செங்கல்லை எங்கே வைப்பது?

ஒரு செங்கல் 3 கிலோ என்று கொண்டால் பத்து, 30 கிலோ. முன்பிருந்த ஏற்பாட்டிலேயே இதைப் பலகையின் நட்டநடுவில் அடுக்கினால், தகைவு 9.3-லிருந்து 11.7-க்கு ஏறுகிறது. நடுப்பிரிவு மரத்தின் 12-க்கு மயிரிழை தூரம். அதே பத்தை வலது கம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, 20 சென்டிமீட்டரில் வைத்தால் 9.7-தான். கல்லும் அதுவே, பலகையும் அதுவே. வசதி என்று எல்லோரும் வைப்பது என்னவோ நடுவில்தான், கொத்தனாருக்குக் கை எட்டும் என்பதற்காக.

இன்னொன்று. மெல்ல வைத்த பாரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. தூக்கிய கல்லைப் பலகையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு சட்டென்று கையை எடுத்தால், உயரத்திலிருந்து போடாமலே, அந்தக் கல் தரும் வளைவு அந்தக் கணத்தில் இரட்டிப்பாகும். கீழே நின்று எறிந்து, மேலே பிடிக்கத் தவறிப் பலகையில் விழும் கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு வலு போச்சு.

சூத்திரத்தில் அகலம் ஒரு முறைதான் வருகிறது, கனம் இரண்டு முறை. 38 மில்லிமீட்டர்ப் பலகை தேய்ந்தும் செதுக்குண்டும் 34 ஆனால், வலுவில் 20 சதவீதம் காணாமல் போகிறது. நம் கொத்தனார் கணக்கில் தகைவு 9.3-லிருந்து 11.6-க்கு ஏறும். பத்துச் செங்கல்லை நடுவில் வைத்தது போலத்தான். மறுபுறம், 38-க்குப் பதில் 50 மில்லிமீட்டர்ப் பலகை போட்டால், அது தன் கூடுதல் எடையையும் சுமந்துகொண்டு 5.4-ல் நிற்கும். வலுக்குறைந்த மரத்துக்குக்கூட அது தாராளம். பலகை வாங்கும்போது அகலத்துக்குப் பேரம் பேசிவிட்டுக் கனத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு தவறு என்று இதிலேயே தெரியும்.

மெல்லிய பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்? தகைவு பாதியாகும். நான்கில் ஒன்றாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வளையும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும், ஒரே கட்டையாக வேலை செய்யாது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் கலிலியோ. விடையை மூன்று மடங்கு தப்பாகச் சொன்னவரும் அவரே.

1638-ல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய கடைசிப் பெரிய நூலில், சுவரில் செருகிய உத்தரம் எப்போது முறியும் என்று ஆராய்ந்தார். கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலு கூடும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் மரத்தின் எல்லா நார்களும் ஒரே அளவாக இழுபடுகின்றன, கீழ் விளிம்புதான் கீல் போலத் திரும்புகிறது என்று எண்ணினார். உண்மையில் பாதி நார்கள் இழுபட, பாதி அமுங்குகின்றன. நட்டநடுவில் உள்ள நாருக்கு எதுவுமில்லை. அதனால் அவர் சூத்திரத்தில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 2 வந்தது. நம் பலகையின் 9.3, கலிலியோவின் கணக்குப்படி வெறும் 3.1! பிரான்சில் பரான் 1713-லும் கூலோம் 1773-லும் இதைச் சரிசெய்தார்கள்.

60 கிலோ ஆள், 20 சென்டிமீட்டர் நீட்டல்.

பலகையில் வேறு யாருமில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் வலது முனையில், கம்பைத் தாண்டி நீட்டிய நுனியில் நிற்கிறார். 60 × 0.2 = 12. அவரை எதிர்த்து நிற்பது பலகையின் சொந்த எடை மட்டும்: 12 × 1 = 12. இரண்டும் சரிக்குச் சரி, இடது கம்பின் எதிர்விசை பூஜ்யம். 70 கிலோ கொத்தனார் அங்கே நின்றால் இடமுனை எழும்பிவிடும். அதைக் கீழே பிடித்து வைக்க வேண்டிய விசை எவ்வளவு தெரியுமா? கணக்குப்படி 1 கிலோ. பலகையின் முனையைக் கம்போடு சேர்த்து நாலு சுற்றுக் கயிறு கட்டியிருந்தால் போதும். கட்டாமல் விட்ட பலகைதான் ஆளைக் கவிழ்க்கிறது. பிரிட்டனில் சாரப் பலகையின் நீட்டல் அதன் கனத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்றொரு வரம்பு உண்டு. 38 மில்லிமீட்டருக்கு அது சுமார் 15 சென்டிமீட்டர். கம்புகளுக்கு நடுவே 1.5 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பதும் அதே பலகைக்கு அங்குள்ள வழக்கம். நம்முடையது இரண்டிலும் தோற்றுவிட்டது.

கணுவை மேலே திருப்பிப் போடுங்கள்.

கணு இருக்கும் இடத்தில் நார் சுற்றி வளைந்து ஓடும். இழுவிசைக்கு அது முதலில் பிளக்கும், அமுக்கத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. எனவே பெரிய கணு பலகையின் நடுப்பகுதியில், விளிம்பை ஒட்டி, அடிப்பக்கம் வந்தால் அதைவிட மோசமான இடமில்லை. திருப்பிப் போடுவது பாதி வைத்தியம். கணு அகலத்தில் பெரும்பங்கை விழுங்கியிருந்தால், அந்தப் பலகையைச் சாரத்திலிருந்தே விலக்க வேண்டியதுதான்.

நல்ல பலகையே இந்தப் பாரத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தொய்யும். அதனால் தொய்வைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரே அளவுப் பலகைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தொய்ந்தாலோ, ஆள் இறங்கிய பிறகும் வளைவு மிச்சமிருந்தாலோ உள்ளே நார் விட்டுவிட்டது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மரம் காய்ந்த மரத்தைவிட வலுவில் குறைவு என்பதால், மழை விட்ட மறுநாள் அதே பலகையில் அதே பாரம் ஏற்றுவது அதே கணக்கு அல்ல. சிந்திய கலவை காய்ந்து ஏடாகப் படிந்திருந்தால் சுரண்டிவிட்டுப் பாருங்கள், குறுக்காக ஓடும் மயிரிழைக் கீறல் அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும். சாரப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.